இண்டோபீனால் நீலம்: எதை முதலில் ஊற்றுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது?

தண்ணீரில் உள்ள அம்மோனியாவை அளக்க இன்று ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் நிறமானி முறைகளுள் ஒன்று இண்டோபீனால் நீல முறை. பீனால், ஹைப்போகுளோரைட், ஒரு வினையூக்கி ஆகிய மூன்றையும் மாதிரியில் சேர்த்துக் காத்திருந்தால் நீலம் எழும். அந்த நீலத்தின் அடர்த்தியே அம்மோனியாவின் அளவு. 1859-இல் பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தலோ இந்த நிறத்தைக் கண்டு எழுதினார். அதற்குப் பிறகு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் எதை முதலில் ஊற்ற வேண்டும், கலவையின் பி.எச் எவ்வளவு இருக்க வேண்டும், எத்தனை நிமிடம் கழித்து அளக்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் செய்முறை நூல்கள் ஒரே விடையைத் தருவதில்லை. ஒரே நூலின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும்கூட வரிசையைத் தலைகீழாக மாற்றிச் சொல்கின்றன.

இந்த வேறுபாடுகளைப் பலரும் தனித்தனிச் சர்ச்சைகளாக நடத்தியிருக்கிறார்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் வரிசையும் நேரமும் பெரும்பாலும் பி.எச்-சின் கேள்விக்குள்ளேயே வந்து சேர்கின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுவதும் அப்படி அடங்கிவிடுவதில்லை.

சோதனைக் குழாய்க்குள் நடப்பது

வினை மூன்று படிகளில் நடப்பதாகப் பொதுவாக ஏற்கப்படுகிறது. முதலில் அம்மோனியாவும் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்து மோனோகுளோரமைன் உண்டாகிறது. இது மிக விரைவான படி. அடுத்து மோனோகுளோரமைன் பீனாலைத் தாக்கி குயினோன் குளோரமைன் என்ற இடைப்பொருளைத் தருகிறது. இதுவே மந்தமான படி. வினையூக்கி வேலை செய்வதும் இங்கேதான். கடைசியில் அந்த இடைப்பொருள் இன்னொரு பீனாலுடன் இணைந்து இண்டோபீனால் ஆகிறது. இண்டோபீனால் காரக் கரைசலில்தான் நீலம். காரம் குறைந்தால் அதே பொருள் நீலத்தை இழந்துவிடும்.

சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. முதல் படிக்குத் தேவை அயனியாகாத அம்மோனியாவும் அயனியாகாத ஹைப்போகுளோரஸ் அமிலமும். அம்மோனியத்தின் பி.கே.ஏ 9.25, ஹைப்போகுளோரஸ் அமிலத்தின் பி.கே.ஏ சுமார் 7.5. இரண்டும் சேர்ந்து அதிகமாகக் கிடைப்பது இவற்றுக்கு நடுவில், அதாவது பி.எச் 8.4 அருகில். இரண்டாம், மூன்றாம் படிகளுக்குத் தேவை பீனால் அல்ல, பீனாலேட் அயனி. பீனாலின் பி.கே.ஏ 10. பி.எச் 8.4-இல் பீனாலில் நூற்றுக்கு மூன்று பங்குகூட அயனியாக இருக்காது. முதல் படிக்கு உகந்த இடம் கடைசிப் படிகளுக்கு உகந்ததல்ல. செய்முறைகளின் வரலாற்றை இந்த இழுபறியை வெவ்வேறு வழிகளில் சமாளித்த வரலாறாகவே படிக்கலாம்.

வரிசை: குளோரின் முதலா, பீனால் முதலா?

முதல் நிலைப்பாடு குளோரினை முதலில் சேர்க்கச் சொல்வது. அமெரிக்காவின் ‘ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்’ நூலின் சில பத்தாண்டுகளுக்கு முந்தைய பதிப்புகள் இதைத்தான் சொல்லின. 10 மி.லி. மாதிரியில் ஒரு சொட்டு மாங்கனீசு சல்பேட், அடுத்து 0.5 மி.லி. ஹைப்போகுளோரஸ் அமிலக் கரைசல். உடனே, கலக்கிக்கொண்டே, 0.6 மி.லி. பீனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மாங்கனீசை வினையூக்கியாகக் கொண்ட இந்த வழி 1944-இல் ரசல் வெளியிட்ட செய்முறையின் மரபில் வருவது. இதன் தருக்கம் தெளிவானது. ஹைப்போகுளோரைட்டின் பி.எச்-சை 6.5 முதல் 7 வரை இறக்கி வைத்தால் மோனோகுளோரமைன் நொடியில் உருவாகும். பிறகு காரப் பீனேட் வந்து பி.எச்-சை உயர்த்தி அடுத்த படிகளை நடத்தும். முதல் படியை அதற்கு உகந்த பி.எச்-சிலும், பிந்திய படிகளை அவற்றுக்கு உகந்த பி.எச்-சிலும் நடத்தும் ஏற்பாடு இது.

ஆனால் அந்தச் செய்முறையில் ‘உடனே’ என்ற சொல் சும்மா இடம்பெறவில்லை. நடுநிலைக்கு அருகில், குளோரின் மிகையாக இருக்கும்போது, மோனோகுளோரமைன் அங்கேயே நிற்பதில்லை. டைகுளோரமைனாக மாறும். அதற்கு மேலும் போனால் அம்மோனியா நைட்ரஜன் வாயுவாகவே வெளியேறும். குடிநீர்க் குளோரினேற்றத்தில் ‘பிரேக் பாயிண்ட்’ என்று சொல்லப்படுவது இதுதான். மூலக்கூறு கணக்கில் ஒரு பங்கு அம்மோனியாவுக்கு ஒன்றரைப் பங்கு குளோரின் இருந்தாலே அது நடந்துவிடும். இந்தச் செய்முறையிலோ குளோரின் பல நூறு மடங்கு மிகை. ஆக, இரண்டாவது கரைசலை ஊற்ற ஆகும் தாமதமே அளவீட்டின் பிழையாகிவிடுகிறது. கை வேகமான ஒருவருக்கும் நிதானமான ஒருவருக்கும் ஒரே தண்ணீரில் இரு விடைகள் வரலாம்.

இரண்டாவது நிலைப்பாடு பீனாலை முதலில் சேர்ப்பது. 1954-இல் லூபோசின்ஸ்கியும் சால்டாவும் சோடியம் நைட்ரோபுருசைடை வினையூக்கியாகக் கொண்டுவந்த பிறகு இந்த வழி எளிதாயிற்று. 1962-இல் சேனியும் மார்பாக்கும் இரத்த யூரியாவுக்காக பீனாலையும் நைட்ரோபுருசைடையும் ஒரே கரைசலாகச் சேர்த்து, பிறகு காரம் கலந்த ஹைப்போகுளோரைட்டை ஊற்றும் இரு கரைசல் முறையை அமைத்தார்கள். 1969-இல் சொலோர்சானோ இயற்கை நீர்நிலைகளுக்காக வகுத்த செய்முறையும் பீனாலில் தொடங்குகிறது. இன்றைய ‘ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்’ பீனேட் முறையிலும் அந்த வரிசைதான்: 25 மி.லி. மாதிரி, 1 மி.லி. பீனால், 1 மி.லி. நைட்ரோபுருசைடு, கடைசியாக 2.5 மி.லி. ஆக்சிகரணக் கரைசல். இந்தக் கடைசிக் கரைசலில் நான்கு பங்கு காரச் சிட்ரேட்டும் ஒரு பங்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட்டும் இருக்கும்.

இதற்கு எதிரான கேள்வி நியாயமானது. பீனாலும் குளோரினை வாங்கிக்கொள்ளும் பொருளாயிற்றே. அது முன்பே அங்கிருந்தால் அம்மோனியாவுக்கு என்ன மிஞ்சும்? இதற்கு விடை வேகத்தில் இருக்கிறது. ஹைப்போகுளோரஸ் அமிலத்துடன் அம்மோனியா வினைபுரியும் வேக மாறிலி பீனாலேட்டுடையதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரியது. பீனால் எவ்வளவு மிகையாக இருந்தாலும், குளோரின் அதனிடம் தீர்ந்துபோவதற்கு முன்பே அங்குள்ள சொற்ப அம்மோனியா மோனோகுளோரமைனாகிவிடும். எஞ்சிய குளோரினைப் பீனால் தின்றுவிடுவதும் நன்மைக்கே. மோனோகுளோரமைனை மேலும் சிதைக்கக் குளோரின் மிஞ்சி நிற்பதில்லை.

செய்முறையின் அளவுகளையே எடுத்துக் கணக்கிட்டால் இது விளங்கும். லிட்டருக்கு 0.1 மி.கி. அம்மோனியா நைட்ரஜன் உள்ள 25 மி.லி. மாதிரியில் நைட்ரஜன் 0.18 மைக்ரோமோல். ஊற்றும் ஹைப்போகுளோரைட் சுமார் 0.34 மில்லிமோல், அதாவது ஏறத்தாழ 1,900 மடங்கு. பீனாலோ ஒரு மில்லிமோலுக்குச் சற்று மேல், ஹைப்போகுளோரைட்டைப்போல் மூன்று மடங்கு. பீனால் காவலுக்கு இல்லாமல் 1,900 மடங்கு குளோரினுக்கு முன்னால் அம்மோனியாவைத் தனியே நிறுத்துவது எவ்வளவு ஆபத்து என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது.

கடல்நீரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 67 மி.கி. புரோமைடு உண்டு. ஹைப்போகுளோரைட்டை முதலில் ஊற்றினால் அது புரோமைடை ஹைப்போபுரோமைட்டாக மாற்றும். அம்மோனியா அதனுடன் சேர்ந்து புரோமமைன்களாகும். அவை குளோரமைனைவிட நிலையற்றவை. இப்படி இழந்த அம்மோனியா திரும்ப நீலத்துக்கு வராது. வரிசைச் சர்ச்சையில் இது கிட்டத்தட்ட முடிவான வாதம் என்றே தோன்றுகிறது. நன்னீரில் இரு வரிசையும் கவனமாகச் செய்தால் ஒத்த விடை தரக்கூடும். உவர்நீரில் குளோரினை முதலில் சேர்ப்பதை ஆதரிக்க வலுவான காரணம் இல்லை.

பி.எச்: யாரும் அளக்காத எண்

நைட்ரோபுருசைடு செய்முறைகள் பெரும்பாலும் 10.5-க்கும் 11.5-க்கும் இடையே எங்கோ ஓர் உகந்த பி.எச்-சைச் சொல்கின்றன. 1984-இல் இவான்சிச், டெகோபிஸ் இருவரும் இயற்கை நீர்களுக்கான உகந்த கைமுறையைத் தேடி எழுதிய கட்டுரையும், 2001-இல் பாய் குழுவினர் உவர்நீரின் பி.எச்., தாங்கல் திறன் சிக்கல்களை மட்டுமே எடுத்துக்கொண்ட கட்டுரையும் இந்தக் கேள்வியை நேரடியாகத் தொட்டவை. உகந்த எண் ஒரு செய்முறைக்கும் இன்னொன்றுக்கும் சற்று மாறுவதில் வியப்பில்லை. பீனாலின் அளவு, வினையூக்கியின் அளவு, உப்புத்தன்மை எல்லாம் அதைத் தள்ளும்.

செய்முறை நூல்கள் பெரும்பாலும் எவ்வளவு கரைசல் ஊற்ற வேண்டும் என்றுதான் சொல்கின்றன. ஊற்றிய பின் பி.எச் எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சரிபார்க்கச் சொல்வது குறைவு. அதனால் எந்த மாதிரிக்கும் ஒரே பி.எச் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஏற்படுகிறது. அந்த நம்பிக்கை எளிதில் உடையக்கூடியது. மேலே சொன்ன செய்முறையில் வேண்டுமென்றே சேர்க்கப்படும் காரம், காரச் சிட்ரேட்டில் லிட்டருக்கு 10 கிராம் அளவில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடுதான். ஒரு குழாய்க்குச் சேரும் 2 மி.லி. சிட்ரேட்டில் அது 0.5 மில்லிமோல். பீனால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பீனாலும் ஓர் அமிலமே. அது அந்தக் காரத்தை வாங்கிப் பீனாலேட்டாகிறது. உண்மையில் இந்தக் குழாயின் பி.எச்-சைப் பிடித்து நிறுத்தும் தாங்கல்களில் முக்கியமானது பீனால்–பீனாலேட் இணைதான். பீனால் கரைசலைக் கூடுதல் செறிவாகத் தயாரித்தால் நிறம் கூடும் என்று எண்ணுபவர் பி.எச்-சைக் கீழே தள்ளுகிறார்.

ஒரு நேர்வை முழுமையாகப் பார்க்கலாம். அம்மோனியா மாதிரிகளை உடனே அளக்க முடியாதபோது லிட்டருக்கு 0.8 மி.லி. அடர் கந்தக அமிலம் சேர்த்துக் குளிரில் வைப்பது வழக்கம். ஆய்வுக்குச் சற்று முன் காரம் சேர்த்து நடுநிலையாக்க வேண்டும் என்று செய்முறை சொல்லும். அந்த வரி விடுபட்டுப்போனால் என்ன ஆகும்? அடர் கந்தக அமிலம் 18 மோலார், 0.8 மி.லி. என்பது லிட்டருக்கு 14.4 மில்லிமோல். இரு புரோட்டான்களையும் சேர்த்தால் 28.8 மில்லிசமானம். 25 மி.லி. மாதிரியில் 0.72 மில்லிசமானம் அமிலம். ஊற்றும் சிட்ரேட்டில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடோ 0.5 மில்லிசமானம்தான். அமிலம் அந்தக் காரம் முழுவதையும் விழுங்கி, மேலும் 0.22 மில்லிசமானத்துக்குக் கணக்குக் கேட்கும். அதைச் சிட்ரேட்டும் ஹைப்போகுளோரைட்டும் ஏற்றுக்கொள்ளும், பி.எச் 10-ஐ எட்டாமலேயே நின்றுவிடும். பீனாலேட் போதாது. உண்டாகும் சிறிதளவு இண்டோபீனாலும் தன் முழு நீலத்தைக் காட்டாது.

இதில் ஏமாற்றுவது, தரக்கரைசல்கள் எல்லாம் ஒழுங்காக இருப்பதுதான். அவை அமிலம் சேராத தூயநீரில் தயாரானவை; அளவுத்திருத்தக் கோடு நேராகவே வரும். பிளாங்கும் சரியாக இருக்கும். மாதிரி மட்டும் அம்மோனியா இல்லை என்று சொல்லும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 அம்மோனியா நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 0.5 மி.கி. என்று வரம்பு வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு 1 செ.மீ. குவெட்டில் 640 நானோமீட்டரில் ஏறத்தாழ 0.6 உட்கவர்தல் வர வேண்டும். வரம்பைத் தாண்டிய தண்ணீர்கூட இந்தப் பிழையால் ‘தேறிவிடும்’. கண்டுபிடிக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. நிறம் அளந்து முடிந்த குழாயில் பி.எச் மீட்டரை வைத்துப் பார்ப்பது ஒன்று. மாதிரியிலேயே தெரிந்த அளவு அம்மோனியத் தரக்கரைசலைச் சேர்த்து, சேர்த்த அளவு திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது மற்றொன்று. சேர்த்ததில் பாதிகூடத் திரும்பவில்லை என்றால் குற்றம் தண்ணீரில் இல்லை, குழாயின் பி.எச்-சில் இருக்கலாம்.

கடல்நீரில் இதே கணக்கு வேறு வடிவில் வருகிறது. அதில் லிட்டருக்குச் சுமார் 53 மில்லிமோல் மெக்னீசியமும் 10 மில்லிமோல் கால்சியமும் உண்டு. காரத்தில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து கரைசலைக் கலங்கலாக்கும், காரத்தையும் தின்னும். சிட்ரேட் சேர்ப்பது அதைப் பிணைத்து வைக்கத்தான். ஆனால் சொலோர்சானோவின் விகிதத்தில் 25 மி.லி. மாதிரிக்குச் சேரும் சிட்ரேட் சுமார் 1.36 மில்லிமோல், அதே மாதிரியில் மெக்னீசியமும் கால்சியமும் சேர்ந்து சுமார் 1.6 மில்லிமோல். மெக்னீசியத்துக்கு மட்டும் சரியாக ஈடு. இந்த இறுக்கத்தில் பைகார்பனேட்டும் போரேட்டும் வேறு காரத்தைப் பங்கிடுகின்றன. ஆகவே ஒரே கரைசல்களை ஊற்றினாலும் கடல்நீரின் இறுதி பி.எச் நன்னீரினுடையதைவிடக் குறைவாக நிற்கிறது. ‘உப்புப் பிழை’ என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டதில் பெரும்பகுதி உண்மையில் பி.எச் பிழையாக இருக்கலாம். முழுவதும் அதுவல்ல. அயனி வலிமை வினை வேகத்தையும் நிறத்தையும் தனியே பாதிக்கக்கூடும் என்பதால் இரண்டையும் பிரிப்பது எளிதாக இல்லை.

நேரம், வெப்பம், வெளிச்சம்

‘குறைந்தது ஒரு மணி நேரம், 22 முதல் 27 டிகிரி, மங்கிய வெளிச்சம், 24 மணி நேரம் வரை நிலைக்கும்.’ இன்றைய பீனேட் முறை சொல்வது ஏறக்குறைய இவ்வளவுதான். சித்திரை மாதத்துச் சென்னையில் குளிர்சாதனம் இல்லாத அறை அந்த வெப்ப வரம்புக்குள் வராது. அது நிறத்தை விரைவுபடுத்துமே தவிரக் கெடுக்க வேண்டியதில்லை. குளிர்ந்த இடங்களில்தான் சிக்கல். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாதிரியை அப்படியே கலந்தால் ஒரு மணி நேரம் போதாமல் போகும். தரக்கரைசல் அறை வெப்பத்தில் இருந்தால் அது முடிந்திருக்கும், மாதிரி முடிந்திருக்காது.

மணிக்கணக்கு என்பதே மறைமுகமான அளவு. மந்தமான இரண்டாம் படி எப்போது முடிகிறது என்பதே உண்மையான கேள்வி. அது பீனாலேட்டின் அளவையும் வினையூக்கியின் நிலையையும் பொறுத்தது. பி.எச் தாழ்ந்திருந்தால் நிறம் மெல்ல எழும். ஒரு மணி நேரத்தில் பார்த்தால் குறைவு, இரண்டாவது மணியில் பார்த்தால் சற்றுக் கூடுதல். இப்படி நகரும் நிறத்தைக் காணும்போது நேரத்தை நீட்டத் தோன்றும். பி.எச்-சைப் பார்ப்பதே முதலில் செய்யத்தக்கது.

வெளிச்சம் பற்றிய முரண் இன்னும் சுவையானது. சொலோர்சானோ வழிச் செய்முறைகள் வெளிச்சத்தைத் தவிர்க்கச் சொல்கின்றன. 1975-இல் லிடிகோட்டும் உடன் ஆய்வாளர்களும் நைட்ரோபுருசைடுக்குப் பதில் பொட்டாசியம் ஃபெரோசயனைடைப் பயன்படுத்தி, வேண்டுமென்றே வெளிச்சத்தில் வைத்து நிறத்தை எழுப்பினார்கள். ஒருவர் விலக்கியதை இன்னொருவர் கருவியாக்கினார். இரண்டையும் சமரசப்படுத்தியது 1977-இல் பேட்டனும் கிரவுச்சும் வெளியிட்ட வினைவேக ஆய்வு. உண்மையில் வினையூக்கியாக வேலை செய்வது நைட்ரோபுருசைடு அல்ல, அதிலிருந்து உருவாகும் அக்வோபென்டாசயனோஃபெரேட் என்ற இரும்பு அணைவுச் சேர்மம் என்று அவர்கள் காட்டினார்கள். நைட்ரோபுருசைடு காரத்தில் அதுவாக மாறுகிறது. ஃபெரோசயனைடு வெளிச்சத்தில் ஒரு சயனைடை இழந்து அதுவாக மாறுகிறது. ஆகவே வெளிச்சம் நல்லதா கெட்டதா என்பதற்குப் பொதுவான விடை இல்லை. எந்த இரும்புச் சேர்மத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. பல நாள் வெளிச்சத்தில் நின்ற நைட்ரோபுருசைடு கரைசல் புதியதைப்போல் நடந்துகொள்ளாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அதைப் பழுப்பு நிறக் குப்பியில் வைக்கச் சொல்வது வெறும் சம்பிரதாயம் அல்ல.

ஹைப்போகுளோரைட் தன் பங்குக்குத் தானாகவே வலுவிழக்கும். புட்டியில் 5 சதவீதம் என்று எழுதியிருப்பதை நம்பாமல் தயோசல்பேட் டைட்ரேஷனில் சரிபார்க்க வேண்டும். அது வலுவிழந்தால் அதிகச் செறிவுள்ள தரக்கரைசல்களே முதலில் தளரும். அளவுத்திருத்தக் கோட்டின் மேல்முனை வளைவதைக் கண்டால் அந்தப் புட்டியை ஐயப்படலாம்.

பீனாலை விட்டு விலகியவர்கள்

பீனாலின் நச்சும் நெடியும் காரணமாக 1970-களில் சாலிசிலேட் அதன் இடத்துக்கு வந்தது. 1978-இல் வெர்டாவ் குழுவினரும், 1980-இல் டைகுளோரோஐசோசயனூரேட்டுடன் சேர்த்து குரோமும் அதை ஆராய்ந்தார்கள். 1984-இன் ஐ.எஸ்.ஓ. 7150 தரம் சாலிசிலேட்டையே ஏற்றது. அதில் பி.எச் 12.6, அளக்கும் அலைநீளம் 655 நானோமீட்டர். இந்த இரு எண்களையும் பீனால் முறையினுடையவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. சாலிசிலேட் முறையில் வினையூக்கி கூடுதலாகத் தேவைப்படுகிறது, பி.எச்-சும் இன்னும் மேலே இருக்க வேண்டும். பி.எச் உயரும்போது கடினநீரில் படிவு உண்டாகும் தொல்லையும் உயரும். எனவே இது மேம்பட்ட முறை என்பதைவிடப் பாதுகாப்பான முறை என்று சொல்வதே பொருத்தம்.

தீராமல் இருப்பவை

வரிசைக் கேள்வி நடைமுறையில் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம்: நைட்ரோபுருசைடு பயன்படும் பீனால் முறைகளில் பீனால் முதலிலும் ஹைப்போகுளோரைட் கடைசியிலும். வெளிச்சக் கேள்விக்கு வேதியியல் விளக்கம் கிடைத்துவிட்டது. ஆனால் உப்புத்தன்மை மாறிக்கொண்டே இருக்கும் கழிமுக நீரில் பி.எச் விளைவையும் உப்பின் நேரடி விளைவையும் எந்த அளவுக்குப் பிரிக்க முடியும் என்பது இன்னும் முற்றாகத் தெளியவில்லை. அமினோ அமிலம் போன்ற கரிம நைட்ரஜன் சேர்மங்கள் நீண்ட காத்திருப்பில் எவ்வளவு நிறத்தைக் கூட்டும் என்பதும் மாதிரிக்கு மாதிரி மாறுகிறது. காத்திருக்கும் நேரத்தை நீட்டுவதற்கு எதிரான காரணம் இது. பிளாங்கின் சிக்கல் தனி. நீரிலும் கரைசல்களிலும் ஆய்வகக் காற்றிலும் இருக்கும் அம்மோனியா, மிகக் குறைந்த அளவுகளை நாடும்போது அளவீட்டின் அடிமட்டத்தையே தீர்மானிக்கிறது.

புதிய செய்முறை ஒன்றை எழுதுபவர்களும், பழையதைக் கைக்கொள்பவர்களும், சேர்க்கும் மில்லிலிட்டர்களோடு ஒவ்வொரு வகை மாதிரிக்கும் நிறம் எழுந்த பின் குழாயில் அளந்த பி.எச்-சையும் ஏட்டில் பதிய வேண்டும். அந்த எண் இல்லாமல் இரு ஆய்வகங்களின் அம்மோனியா முடிவுகள் ஏன் மாறுபடுகின்றன என்று ஆராய்வது கடினம்.